மழைப் பட்டையும் வெப்பக் கோடும்: வாசகர் கேள்விகள்

காலநிலை வரைபடத்தைப் பற்றி வந்த கேள்விகளில் பலவற்றுக்கு அடிப்படை ஒன்றுதான். நீலப் பட்டைகள் மாத மழை, சிவப்புக் கோடு மாதச் சராசரி வெப்பநிலை என்பது எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து என்ன எழுதுவது என்று வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. பெரும்பாலான கேள்விகள் சென்னையைப் பற்றியே இருந்ததால், நானும் சென்னையையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே தரும் எண்கள் நுங்கம்பாக்கம் நிலையத்தின் நீண்டகாலச் சராசரியை ஒட்டி நான் முழு எண்களாக்கியவை.

சென்னை வரைபடத்தில் நவம்பரில் மட்டும் மழைப் பட்டை வெப்பக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. "நவம்பரில் மட்டும் வெப்பத்தைவிட மழை அதிகம், மற்ற மாதங்கள் வறண்டவை" என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்? (பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்)

அடித்தது சரிதான், ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். மழை மில்லிமீட்டரில் இருக்கிறது, வெப்பம் டிகிரியில் இருக்கிறது. ஒன்றைவிட ஒன்று அதிகம் என்று சொல்ல வழியே இல்லை. கோடும் பட்டையும் எங்கே சந்திக்கின்றன என்பதை முடிவு செய்வது, வரைந்தவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்.

உங்கள் படத்தில் ஒரு பக்கம் 0 முதல் 400 மி.மீ., மறுபக்கம் 0 முதல் 40 டிகிரி என்று இருந்திருக்கும். அப்படியானால் 30 டிகிரி என்ற புள்ளி 300 மி.மீ. உயரத்தில் விழும். அந்த உயரத்தைத் தாண்டுவது 375 மி.மீ. பெய்யும் நவம்பர் மட்டுமே. அக்டோபரில் 280 மி.மீ. கொட்டியும் அது உங்கள் கணக்கில் வறண்ட மாதமாகிவிட்டது, பாருங்கள்!

சந்திக்கும் இடத்துக்குப் பொருள் உள்ள வரைபடம் ஒன்றும் உண்டு. ஹைன்ரிக் வால்டர், ஹெல்முட் லீத் என்ற இரண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் 10 டிகிரிக்கு 20 மி.மீ. என்று அளவுகோலைக் கட்டிப் போட்டார்கள். ஒரு மாதத்தின் மழை (மி.மீ.) அம்மாத வெப்பநிலையின் (டிகிரி) இருமடங்கைவிடக் குறைந்தால் அது வறண்ட மாதம். ஆவியாகிப் போகும் நீரை ஈடுகட்ட அந்த மழை போதாது என்பது இதன் அடிப்படை. தோராயமான விதிதான், ஆனால் பயனுள்ளது.

இதைச் சென்னைக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரலில் 31 டிகிரி, இருமடங்கு 62. பெய்வதோ 15 மி.மீ. சுற்றி. வறட்சி தெளிவு. ஜூனில் 32 டிகிரி, மழை 55 மி.மீ.; எல்லைக்குச் சற்றுக் கீழே. ஜூலையில் 31 டிகிரி, மழை 100 மி.மீ.; கோட்டைத் தாண்டிவிட்டது. ஆக ஜனவரி முதல் ஜூன் வரை வறட்சி, ஜூலை முதல் டிசம்பர் வரை ஈரம். அதே ஊர், அதே எண்கள். அளவுகோல் மாறியதும் சந்திப்பு நவம்பரிலிருந்து ஜூலைக்கு நகர்ந்துவிட்டது. எனவே எந்தப் படமானாலும் முதலில் இரண்டு ஓரங்களிலும் உள்ள எண்களைப் படியுங்கள். பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

ஒவ்வொரு மாதமாக எழுதினால் பக்கம் நிறைகிறது, மதிப்பெண் வருவதில்லை. எந்த வரிசையில் எழுதுவது? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை)

பன்னிரண்டு மாதங்களையும் ஒப்பித்தால் அது படத்தைச் சொற்களில் நகல் எடுப்பதுதான். காலநிலையை விவரிப்பது வேறு வேலை. நான் வகுப்பில் சொல்லும் வரிசை இது.

முதலில் வெப்பக் கோட்டின் உச்சத்தையும் தாழ்வையும் பாருங்கள். சென்னையில் மே மாதம் 33 டிகிரி, ஜனவரி 25 டிகிரி. வித்தியாசம் 8 டிகிரிதான். டெல்லியில் ஜனவரி 14 டிகிரியை ஒட்டியும் ஜூன் 33 டிகிரியை ஒட்டியும் இருக்கும். வித்தியாசம் 20 டிகிரிக்கு அருகில் போய்விடும். மே மாத வெக்கையில் இரண்டு ஊருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது ஜனவரிதான். கடலோரமும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கமும் இருப்பதால் சென்னைக்குக் குளிர்காலம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. இதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

அடுத்து மழையின் மொத்தம். பட்டைகளைக் கூட்டுங்கள். சென்னைக்கு 1,350 மி.மீ. சுற்றி வரும். கூட்டாமல் யாரும் "அதிக மழை", "குறைந்த மழை" என்று எழுதக் கூடாது. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் நவம்பர் மாதம் மட்டும் 37,500 லிட்டர் விழுகிறது. மார்ச்சில் 300 லிட்டர். இப்படி நினைத்துப் பார்த்தால் பட்டையின் உயரம் மனத்தில் நிற்கும்.

மூன்றாவது, மழை எப்போது பெய்கிறது என்பது. பதிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அக்டோபர் 280, நவம்பர் 375, டிசம்பர் 180. மூன்றும் சேர்ந்து 835 மி.மீ. ஆண்டு மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு மூன்றே மாதங்களில். அப்புறம் காரணம் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குப் பக்கத்திலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுவதால் சென்னை மழை மறைவுப் பகுதியில் நிற்கிறது. அக்டோபரில் காற்று திரும்பி, வங்கக் கடலின் ஈரத்தை வடகிழக்கிலிருந்து சுமந்து வருகிறது. புயலும் காற்றழுத்தத் தாழ்வும் இதே காலத்தில்தான் அதிகம் வருகின்றன.

ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்ள நடுத்தரப் பட்டைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது மாலை, இரவு நேரத்து இடிமழை. பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு, ஆறு மணிக்கு மேற்கே கருத்து, எட்டு மணிக்கு ஊற்றும் மழை சென்னைக்காரர்களுக்குப் பழக்கமானது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மாதத்துக்கு 140 மி.மீ. வருவது பெரும்பாலும் இப்படித்தான். அதை எழுதினால், படத்தை முழுதாகப் படித்தவர் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

மும்பை வரைபடத்தில் ஜூனில் வெப்பக் கோடு இறங்கி, அக்டோபரில் மறுபடி ஏறுகிறது. அச்சுப் பிழையா? (ஆசிரியர், திருநெல்வேலி)

பிழை இல்லை. அந்த இரட்டைத் திமில்தான் மும்பை வரைபடத்தின் அழகு. மே மாதத்தில் 30 டிகிரியைத் தாண்டும் கோடு, பருவமழை இறங்கியதும் 28 டிகிரிக்கு அருகில் வந்துவிடுகிறது. சூரியன் வடக்கே உச்சத்தில் இருக்கும் காலம்தான், ஆனால் மேகம் வெயிலை மறைக்கிறது; நனைந்த தரையிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பம் செலவாகிறது. செப்டம்பர் முடிவில் மேகம் கலைந்ததும் வெயில் நேராக அடிக்க, கோடு மறுபடி லேசாக ஏறுகிறது. மும்பைவாசிகள் இதை அக்டோபர் வெக்கை என்றே சொல்வார்கள். இங்கே மழைப் பட்டை காரணம், வெப்பக் கோடு விளைவு.

மாணவர்களிடம் சென்னைப் படத்தையும் மும்பைப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். நான் முதன்முதலில் அப்படிக் காட்டியபோது சென்னைக்கு 0–400, மும்பைக்கு 0–1,000 என்று அளவுகோல் இருந்ததைக் கவனிக்கவில்லை. சென்னை நவம்பரும் மும்பை ஜூலையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. இரண்டு ஊரிலும் ஒரே அளவு மழை என்று வகுப்பு முழுவதும் எழுதிவிட்டது. மும்பையில் ஜூலை மாதம் மட்டும் 800 மி.மீ.க்கு மேல் பெய்யும். அன்றிலிருந்து ஒப்பிடும் படங்களை ஒரே அளவுகோலில் மறுபடி வரைந்த பிறகே வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.

மழைக்கும் கோடு வரைந்தால் என்ன? (எட்டாம் வகுப்பு மாணவர், சேலம்)

மாத மழை என்பது அந்த மாதம் முழுவதும் சேர்ந்த மொத்தம். நவம்பர் கணக்கு நவம்பரோடு முடிந்து, டிசம்பர் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் தனித்தனிப் பட்டை. வெப்பநிலை அப்படி அறுந்து போவதில்லை, நாளுக்கு நாள் தொடர்ந்து மாறுகிறது. அதனால் கோடு.

ஊர் பெயர் இல்லாத படத்தைக் கொடுத்து எந்தப் பகுதி என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (கல்லூரி மாணவி, கோவை)

வெப்பக் கோட்டின் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் மேடு என்றால் வட அரைக்கோளம். இரு ஓரமும் உயர்ந்து நடுவில் பள்ளம் என்றால் தென் அரைக்கோளம். ஏறக்குறைய நேர்கோடு என்றால் நிலநடுக்கோட்டுப் பகுதி. சிங்கப்பூர் அப்படித்தான் இருக்கும்.

ரோமையும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பெர்த்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பட்டைகள் உயர்வதைப் பார்த்ததும் பருவமழை என்று எழுதிவிடுகிறார்கள். கோட்டைப் பாருங்கள், அதே மாதங்களில் அது பள்ளத்தில் இருக்கிறது. அப்படியானால் அது குளிர்கால மழை, கோடையில் வறட்சி. இரண்டுமே மத்தியதரைக் கடல் வகைக் காலநிலை. மாதத்தின் பெயரை நம்பாமல், பட்டை உயரும்போது கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தவறு வராது.

வரைபடத்தில் நவம்பருக்கு 375 என்று இருக்கிறது. நான் பார்த்த எந்த நவம்பரிலும் அப்படிப் பெய்த நினைவில்லை. (ஓய்வுபெற்றவர், சென்னை)

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம் ஐயா. அந்தப் பட்டை முப்பது ஆண்டு நவம்பர்களின் சராசரி. உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி இப்போது பயன்படுவது 1991 முதல் 2020 வரையான காலம். அதற்குள் 2015 நவம்பரும் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் சென்னையில் 1,000 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த 2016இல் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. இரண்டும் கலந்து உருவானதுதான் நீங்கள் பார்க்கும் அமைதியான பட்டை.

வெப்பக் கோட்டில் இந்தச் சிக்கல் குறைவு. ஒரு மே மாதம் சராசரியிலிருந்து ஓரிரு டிகிரிதான் விலகும். அதிலும் அந்தக் கோடு இரவையும் பகலையும் சேர்த்த சராசரி என்பதால், 40 டிகிரி அடித்த மதியம் அதில் தெரியாது. மழையில் விலகல் பன்மடங்கு. புயல் ஒன்று நகரைத் தொட்டதா, நெல்லூர்ப் பக்கம் போய்விட்டதா என்பதைப் பொறுத்து மாதக் கணக்கே மாறிவிடும். ஏரி நிரம்புமா என்று பார்க்க வேண்டுமானால் இந்தப் படம் போதாது. ஆண்டு வாரியாக நவம்பர் மழையை மட்டும் முப்பது பட்டைகளாக வரைந்து பாருங்கள். உங்கள் நினைவில் இருக்கும் நவம்பர்கள் அதில் ஒவ்வொன்றாகத் தெரியும்.