எடுக்காத பணத்துக்கு ஏன் வரி?

கேள்வி: நானும் நண்பரும் சம பங்கில் கூட்டுத்தொழில் நடத்துகிறோம். சென்ற ஆண்டு லாபம் 12 லட்சம். வீட்டுச் செலவுக்கு அவர் 5 லட்சம் எடுத்தார், நான் 2 லட்சம்தான் எடுத்தேன். ஆனால் இருவருமே 6 லட்சத்துக்கு வரி கட்ட வேண்டும் என்கிறார் கணக்காளர். கையில் வராத 4 லட்சத்துக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? கம்பெனியாக மாற்றினால் தப்பிக்கலாமா?

பதில்: கணக்காளர் சொல்வது சரிதான். உங்கள் நாட்டில் கூட்டு நிறுவனத்துக்கென்று தனி வருமான வரி இல்லை என்பது அவர் பேச்சிலிருந்தே தெரிகிறது. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இதுதான் பொது வழக்கம். இந்தியாவில் அப்படியில்லை, அங்கே நிறுவனமே வரி கட்டிவிடும், பங்குதாரருக்குக் கிடைக்கும் லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை.

உங்கள் முறையில், வரிச் சட்டத்தின் கண்ணுக்கு நிறுவனம் ஒரு தனி ஆள் அல்ல. லாபம் உருவான அன்றே அதில் பாதி உங்களுடையது ஆகிவிடுகிறது. அதைக் கல்லாவில் விட்டுவைப்பதும் வீட்டுக்குக் கொண்டுபோவதும் உங்கள் சொந்த விஷயம். எடுக்கும்போது மட்டும்தான் வரி என்று வைத்தால், வசதியுள்ளவர்கள் ஒன்றும் எடுக்காமல் வரியை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். தவிர, எடுக்கும் பணமெல்லாம் லாபமும் அல்ல. நீங்கள் ஆரம்பத்தில் போட்ட முதலைத் திரும்ப எடுத்தால் அது எப்படி வருமானமாகும்?

இதைத் தெளிவாகக் காட்டுவது உங்கள் முதல் கணக்கு, அதாவது தொழிலில் உங்கள் பெயரில் நிற்கும் முதலீட்டின் கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் இருவர் கணக்கிலும் 4 லட்சம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 6 லட்சம் லாபப் பங்கு சேர்ந்து, 2 லட்சம் கழிந்து, 8 லட்சம் நிற்கும். நண்பருக்கு 5 லட்சம்தான் நிற்கும். இருவரும் ஒரே வரி கட்டினாலும் நீங்கள் விட்டுவைத்தது உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அந்த 4 லட்சத்தை அடுத்த ஆண்டு எடுத்தால் அதற்கு மறுபடி வரி கிடையாது.

இங்கே ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் எடுத்த பணமோ, சம்பளம் என்ற பெயரில் எடுத்ததோ லாப நஷ்டக் கணக்கில் செலவாக எழுதப்பட்டிருந்தால் லாபம் குறைவாகத் தெரியும். இந்த முறையில் பங்குதாரர் எடுப்பது பொதுவாகச் செலவு அல்ல. அது முதல் கணக்கில்தான் கழிய வேண்டும்.

உங்கள் உண்மையான சிக்கல் வேறு என்று நினைக்கிறேன். 12 லட்சத்தில் 7 லட்சம் வெளியே போய்விட்டது. மீதி 5 லட்சத்தில், உதாரணத்துக்கு, 3 லட்சம் விற்காத சரக்காகவும் 2 லட்சம் வசூலாகாத பாக்கியாகவும் இருந்தால், லாபம் ஏட்டில் இருக்கும், கல்லா காலி. வரி விகிதம் 30 சதவீதம் என்றால் உங்கள் வரி 1,80,000. எடுத்த 2 லட்சத்தில் மிஞ்சுவது வெறும் 20,000. வயிற்றெரிச்சல் வரத்தான் செய்யும். இதற்குத் தீர்வு கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: ஒவ்வொரு வரித் தவணைக்கும் முன்னால், அவரவர் லாபப் பங்கில் 30 சதவீதத்தை நிறுவனம் கட்டாயம் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றப் பணம் எடுப்பது. அந்தத் தொகையும் முதல் கணக்கில் கழியும்.

சரி, கம்பெனி? கம்பெனி வரி 20 சதவீதம், டிவிடெண்ட் வரி 15 சதவீதம் என்று வைத்துப் பார்ப்போம். 12 லட்சத்துக்குக் கம்பெனி 2,40,000 கட்டும். மீதி 9,60,000 முழுவதையும் டிவிடெண்டாக எடுத்தால் இன்னொரு 1,44,000. மொத்தம் 3,84,000. இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து கட்டுவது 3,60,000. ஆக, எல்லாவற்றையும் எடுத்துச் செலவழிப்பவர்களுக்குக் கம்பெனி நஷ்டம். ஒன்றுமே எடுக்காவிட்டால் கம்பெனி கட்டிய 2,40,000-உடன் அந்த ஆண்டுக்கு முடிந்தது. லாபத்தில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகள் தொழிலிலேயே போடுபவர்களுக்குத்தான் அது லாபம். அப்புறம், நஷ்டம் வந்தால் கம்பெனியில் அது கம்பெனிக்குள்ளேயே அடைந்து கிடக்கும். கூட்டில் சில வரம்புகளுக்கு உட்பட்டு உங்கள் மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

நண்பர் 5 லட்சம் எடுக்கும் பழக்கத்தை விடமாட்டார் என்றால் மாறுவதில் அவருக்குப் பெரிய பலன் இல்லை; முதலில் அவரிடம் பேசுங்கள். மாறுவது என்று முடிவானால், உங்கள் 8 லட்சத்தை முழுக்கப் பங்கு மூலதனமாகக் கரைத்துவிடாதீர்கள். அதில் எவ்வளவைக் கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடனாக எழுத முடியும் என்று கணக்காளரிடம் கேளுங்கள், விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். வரி கட்டி முடித்த பணம் அது; கடனாக நின்றால் டிவிடெண்ட் வரி இல்லாமல் திரும்பி வரும்.