0.1 பிபிஎம் காட்டும் வாய்பாடு தவறாக இருக்குமா?

கேள்வி: திப்பிலியிலிருந்து பிரித்த ஒரு சேர்மத்தை எச்.ஆர்.எம்.எஸ். சோதனைக்கு அனுப்பினேன். பாசிட்டிவ் மோடில் 286.1445 வந்தது. கைடு அதை பிப்பரின் என்கிறார். ஆனால் மென்பொருள் C10H19N7OS என்பதை 0.1 பிபிஎம் பிழையோடு முதலிடத்தில் வைக்கிறது, பிப்பரினுக்கு 2.5 பிபிஎம் காட்டுகிறது. எதை எழுதுவது? துண்டு அயனிகள் 201.0551, 135.0444. அதே நிறமாலையில் 279.1598 என்று ஒரு சின்ன உச்சியும் இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை.

பதில்: உங்கள் கைடு சொல்வதுதான் சரி. அதைக் காட்டிக்கொடுப்பது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்தச் சின்ன உச்சி. அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம்.

பிப்பரினின் வாய்பாடு C17H19NO3. ஒவ்வொரு தனிமத்திலும் அதிகமாகக் கிடைக்கும் ஐசோடோப்பின் நிறையை வைத்துக் கூட்டினால் 285.1365 வரும். புட்டியின் லேபிளில் இருக்கும் 285.34 சராசரி நிறை. அதற்கு இங்கே வேலை இல்லை. அயனிக்கு ஒரு புரோட்டானைச் சேர்க்க வேண்டும். ஹைட்ரஜன் அணுவின் 1.0078 அல்ல, எலக்ட்ரான் போன பிறகு மிஞ்சும் 1.0073. மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. எலக்ட்ரானின் நிறை 0.00055 தானே என்று விட்டுவிட்டால், 286-இல் அதுவே கிட்டத்தட்ட 2 பிபிஎம் பிழையாகிவிடும். சரியாகக் கூட்டினால் 286.1438. இனி பிழை:

```
(286.1445 − 286.1438) / 286.1438 × 1000000 ≈ +2.5
```

அளந்ததிலிருந்து கணக்கிட்டதைக் கழிக்க வேண்டும். அந்தக் கூட்டல் குறியை விட்டுவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். (நான்கு தசமத்தோடு நிறுத்தினால் 2.4 என்று வரும். இன்னும் இரண்டு இலக்கம் வைத்துக் கணக்கிட்டால் 2.5. மென்பொருள் அப்படித்தான் செய்கிறது.)

இப்போது போட்டிக்கு நிற்கும் வாய்பாடு. C10H19N7OS-இன் புரோட்டான் ஏறிய நிறை 286.1445. நீங்கள் அளந்த எண்ணே அதுதான். இரண்டு வாய்பாடுகளுக்கும் உள்ள வித்தியாசம் 0.0007 மட்டுமே. பிப்பரினில் ஏழு கார்பனையும் இரண்டு ஆக்சிஜனையும் எடுத்துவிட்டு, ஆறு நைட்ரஜனையும் ஒரு கந்தகத்தையும் வைத்தால் நிறை ஏறக்குறைய அப்படியே இருக்கும். நைட்ரஜன் விதியும் இங்கே கைகொடுக்காது. புரோட்டான் ஏறிய அயனி இரட்டைப்படையில் வந்திருப்பதால் நைட்ரஜன் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்; ஒன்றும் ஒற்றை, ஏழும் ஒற்றை.

இன்னொன்றும் கவனியுங்கள். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தால், 5 பிபிஎம் எல்லைக்குள் பிப்பரின் ஒன்றுதான் வந்திருக்கும். கந்தகத்தையும் அனுமதித்ததால்தான் இந்தக் குழப்பம். அனுமதித்தது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தனிமங்களைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதைப் பொறுத்தே பட்டியல் அமைகிறது. ஃபுளோரினையும் பாஸ்பரஸையும் டிக் செய்து பாருங்கள், பட்டியல் இன்னும் நீளும்.

சரி, அந்த 279.1598-க்கு வருவோம். இது டைபியூட்டைல் தாலேட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பொருள் இது. குழாயிலிருந்தும் கரைப்பானிலிருந்தும் கசிந்து, கேட்காமலே எல்லோருடைய நிறமாலையிலும் வந்து உட்காரும். C16H22O4-க்குப் புரோட்டான் ஏறிய நிறை 279.1591. உங்களுக்கு வந்திருப்பது 279.1598. பிழை எவ்வளவு? +2.5 பிபிஎம்.

அதாவது, யாரென்று தெரிந்த ஒரு ஆளையே உங்கள் கருவி 2.5 பிபிஎம் கூட்டிக் காட்டுகிறது. பறக்கும் நேரக் கருவியாக இருந்தால், அறையின் வெப்பநிலை கொஞ்சம் மாறினாலே பறக்கும் குழாயின் நீளம் மாறி இப்படி நடக்கும். காலையில் காலிபரேட் செய்துவிட்டு மதியம் உங்கள் மாதிரியை ஓட்டியிருக்கலாம். 279-க்கும் 286-க்கும் அதிக தூரம் இல்லை. ஆகவே அதே விலகல் உங்கள் உச்சிக்கும் இருக்கும் என்று கொள்ளலாம். அதைக் கழித்தால் 286.1445 என்பது 286.1438 ஆகிறது. பிப்பரினின் பிழை ஏறத்தாழ பூஜ்யம். கந்தக வாய்பாட்டின் பிழை −2.3. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. அந்த 0.1 பிபிஎம், கருவி தவறிய தூரமும் இரண்டு வாய்பாடுகளுக்கு இடையிலான தூரமும் தற்செயலாக ஒன்றாக இருந்ததால் வந்தது.

அதனால்தான் 2, 3 பிபிஎம் தடுமாறும் கருவியில் 0.1 வந்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அந்த அளவுக்கு அருகில் இருக்கும் வாய்பாடுகளைப் பிழையை வைத்து வரிசைப்படுத்துவதில் பொருளே இல்லை. எல்லைக்குள் வந்த எல்லாமே சமம் என்று வைத்துக்கொண்டு, வேறு சாட்சியைத் தேட வேண்டும்.

முதல் சாட்சி ஐசோடோப்பு உச்சிகள். 286-ஐ 100 என்று வைத்தால், பதினேழு கார்பன் உள்ள பிப்பரினுக்கு 287-இல் சுமார் 19 வரும். மற்றதற்கு 14 அல்லது 15. 288-இல் வித்தியாசம் இன்னும் தெளிவு: பிப்பரினுக்கு 2 சொச்சம், கந்தகம் இருந்தால் 5-க்கு மேல். ஆனால் உச்சி தெவிட்டிப் போயிருந்தால் இந்த விகிதத்தை நம்பாதீர்கள். பெரிய உச்சி மட்டும் மழுங்கி, ஐசோடோப்புகள் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அப்படி இருந்தால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்த சாட்சி துண்டுகள். 201.0551 என்பது பைப்பெரிடின் கழன்று போன C12H9O3. கணக்கிட்ட நிறை 201.0546. இதோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன அதே மாற்றத்தை இங்கும் செய்தால் C5H9N6OS என்று இன்னொரு வாய்பாடு 201.0553-இல் கிடைக்கிறது. ஆக இந்தத் துண்டு எதையும் தீர்க்கவில்லை. 135.0444 தீர்க்கிறது. பிப்பரின் வழியில் அது C8H7O2, 135.0441, மெத்திலீன்டைஆக்சி வளையம் உள்ள பகுதி. கந்தக வழியில் போனால் CH7N6S என்று வரும். ஒரே ஒரு கார்பனைச் சுற்றி ஆறு நைட்ரஜனும் ஒரு கந்தகமும்! எண்ணளவில் 5 பிபிஎம்முக்குள் அதுவும் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு அயனியை யாரும் வரைந்து காட்ட முடியாது. நிறை குறையக் குறைய சாத்தியமான வாய்பாடுகளும் குறையும் என்பதால், எப்போதும் சின்னத் துண்டிலிருந்து மேலே ஏறி வாருங்கள். உங்கள் இரண்டு துண்டுகளும் தாலேட்டைப் போலவே ஏறத்தாழ +2.5 விலகியிருப்பதையும் பாருங்கள். முதலில் குறியை விட்டுவிடாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

ஆய்வேட்டில் எழுத, நான் மேலே செய்ததுபோல் கையால் கழித்த எண்ணைப் போடாதீர்கள். உள்ளகக் காலிபரேஷனோடு தரவை மறுபடி செயலாக்கித் தரும்படி கருவி இயக்குபவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் வந்த எண்ணையே எழுதலாம். 2.5 என்பது 5 பிபிஎம்முக்குள்தானே இருக்கிறது.

```
HRMS (ESI) m/z: [M+H]+ calcd for C17H20NO3 286.1438; found 286.1445
```

இதில் H20 என்று இருப்பது அயனியின் வாய்பாடு என்பதால். அப்புறம், இவ்வளவும் சேர்ந்து நிறுவுவது C17H19NO3 என்ற வாய்பாட்டை மட்டும்தான். இரட்டைப் பிணைப்புகளின் வடிவம் மாறிய ஐசோபிப்பரினுக்கும் சாவிசினுக்கும் நிறை நான்காம் தசமம் வரை இதேதான். பெயரைப் பிப்பரின் என்று எழுத வேண்டுமானால் என்.எம்.ஆர். நிறமாலையில் அந்த நான்கு ஒலிஃபின் ஹைட்ரஜன்களின் பிணைப்பு மாறிலிகளைப் பார்த்தாக வேண்டும்.