அவசரமாகப் படிப்பவருக்குச் சின்னச் சொல்லா, சின்ன வாக்கியமா? மும்பை வாசகர்களின் கேள்விகள்

தாராவி: எங்கள் குடியிருப்பு அறிவிப்பை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. சின்ன வார்த்தை போட்டால் போதுமா?

போதாது. நீங்கள் அனுப்பிய அறிவிப்பு இது:

"குழாய் மாற்றும் பணி காரணமாக வெள்ளிக்கிழமை காலை 6 முதல் மாலை 4 வரை நிறுத்தப்படவிருக்கும் தண்ணீர் விநியோகம் சீரடையும்வரை மேல்தொட்டியில் சேமித்து வைத்துள்ள நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."

விநியோகத்தைச் சப்ளை ஆக்கினாலும் படிப்பவர் அதே இடத்தில்தான் திணறுவார். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் "நிறுத்தப்படவிருக்கும்", "வைத்துள்ள" என்று எச்சங்களை அடுக்கினால், ஒவ்வொன்றும் ஒரு செய்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. லிஃப்டுக்குக் காத்திருப்பவர் எல்லாவற்றையும் மனதில் பிடித்துவைக்க மாட்டார். எச்சத்தை முற்றாக்குங்கள்:

"வெள்ளிக்கிழமை காலை 6 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது. குழாய் மாற்றுகிறார்கள். தண்ணீர் வரும்வரை மேல்தொட்டித் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்."

முதல் வாக்கியத்தோடு ஓடிவிடுபவருக்கும் வேண்டியது கிடைத்துவிடும்.

செம்பூர்: ஒரு எழுத்து படிக்க எவ்வளவு எளிது என்று அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் தந்த சூத்திரம் சொல்லின் நீளத்தையும் கணக்கில் எடுக்கிறதே?

எடுக்கிறது, வாக்கிய நீளத்தோடு சேர்த்து. ஆனால் அது ஆங்கிலத்துக்கு அமைத்தது. "வந்துகொண்டிருக்கிறார்கள்" நீளமான சொல், சிறுபிள்ளைக்கும் புரியும். "ஈடு" இரண்டே எழுத்து, கடன் படிவத்தில் அதைப் பார்த்துப் பலர் நின்றுவிடுகிறார்கள். தமிழில் நீளம் விகுதிகளால் வருவது. பழக்கமில்லாத சொல்தான் தடுக்கும்.

முலுண்ட்: என் மகள் இங்கேயே பிறந்தவள், வீட்டில் தமிழ் கற்றாள். நீளச் சொல் வந்தால் எழுத்துக் கூட்டுகிறாள். அப்போதும் நீளம் பொருட்டில்லையா?

அவளுக்குப் பொருட்டுதான். எழுத்துக் கூட்டுபவர் சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் நழுவிவிடும். "பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்" என்பதை "பயன்படுத்துகிறோம்" ஆக்கலாம். இந்த ஊர் இளையவர்களுக்கு எழுதும்போது சொல்லா வாக்கியமா என்று என்னால் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

செம்பூர், மறுபடி: பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே!

பாதி சரி. அவள் திணறுவது எழுத்தில், தாராவிக்காரர்கள் திணறியது எச்சத்தில். மருந்தும் வேறு வேறு.

மாட்டுங்கா: அப்படியானால் எல்லா வாக்கியத்தையும் மூன்று சொல்லில் முடித்துவிடவா?

வேண்டாம். "பம்பு பழுது. தண்ணீர் இல்லை. லாரி வரும்." இந்த லாரி பழுதுக்காக வருகிறதா, தினமும் வருவதா? நறுக்கும்போது முதலில் விழுவது "அதனால்", "ஆனால்". அவற்றை விட்டுவிடாதீர்கள்.

சயான்: ஒரு வாக்கியத்தில் அதிகபட்சம் எத்தனை சொல் இருக்கலாம்?

எண்ணாதீர்கள். மேலே சொன்னதுதான்: எச்சங்களைப் பாருங்கள்.

அந்தேரி: இங்கிலீஷ் மின்னஞ்சலுக்கும் இதே வழிதானா?

ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், கணக்கு வேறு. அதை ஆங்கிலம் கற்பிப்பவரிடம் கேளுங்கள்.