நார்ச்சத்தைக் கூட்டியதும் வாயு ஏன்?

"மலச்சிக்கலுக்காக ஒரு வாரமாக தினமும் ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல், கோதுமைத் தவிடு கலந்த சப்பாத்தி, இரவில் இசப்கோல். வயிறு பலூன் மாதிரி ஊதுகிறது. நார்ச்சத்தே எனக்கு ஒத்துவராதா?"

ஒத்துவரும், மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கியதுதான் சிக்கல். தவிட்டில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார், அது மலத்தின் அளவைக் கூட்டித் தள்ளும், வாயு அதிகம் தராது, ஆனால் ஏற்கெனவே ஊதிய வயிற்றில் இறுக்கத்தைக் கூட்டலாம். இசப்கோல் கரையும் நார்தான், ஆனாலும் தண்ணீரை இழுத்துக் கூழாகி, அதிகம் நொதிக்காமலேயே வெளியேறிவிடும். உங்கள் வாயுவுக்கு முக்கியக் காரணம் சுண்டல் என்றுதான் நினைக்கிறேன். அதிலுள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியா அவற்றை நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும்.

சுண்டலையும் தவிட்டையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். இசப்கோலை மட்டும் அரை டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள் (தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைக்கும், மலச்சிக்கலும் கூடும்). ஒரு வாரம் வயிறு அமைதியாக இருந்தால் ஒரு டீஸ்பூன். அப்புறம் மூன்றாவது வாரம் சுண்டல், இரண்டு மேசைக்கரண்டி போதும், இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேக வையுங்கள். தவிடு கடைசியில். எந்தப் படியில் ஊதுகிறதோ அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பி, இன்னொரு வாரம் அங்கேயே இருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, வாந்தியோடு வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.