கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமா? வாசகர் கேள்விகள்

வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி பற்றி 1800 சொற்களில் ஒரு கட்டுரை எழுதினேன். 1200க்குள் கேட்கிறார்கள். வாக்கியம் வாக்கியமாகச் சுருக்கி 1650 வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் நகரவில்லை.
– குடியாத்தம் வாசகி

நகராதுதான். நீங்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டீர்கள். சொல் சொல்லாகக் கிள்ளினால் மூன்றில் ஒரு பங்கு கிடைப்பது அபூர்வம். போதாக்குறைக்கு, செதுக்கிய வாக்கியத்தின் மேல் பாசம் வந்துவிடும், தூக்கிப்போட மனம் வராது. முதலில் பத்திகளைப் பாருங்கள்.

ஒரு தாளில் உங்கள் வாதத்தை ஒரே வரியில் எழுதுங்கள். நான் படித்தவரை அது இது: ‘புதிய தலைப்பாகை மட்டும் காரணமில்லை, திப்புவின் குடும்பம் அதே வேலூர்க் கோட்டைக்குள் இருந்ததும் சேர்ந்துதான் 1806இல் வெடித்தது.’ அப்புறம் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது இந்த வரிக்கு என்ன செய்கிறது என்று நாலைந்து சொல்லில் குறியுங்கள்.

முதல் மூன்று பத்திகளில் அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், கோட்டை கட்டிய கதை என்று 310 சொற்கள் போகின்றன. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்தார்கள் என்ற செய்தியை மட்டும் 40 சொற்களில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கிய பகுதி, 200 சொற்கள். உங்கள் கேள்வி ஏன் வெடித்தது என்பது. எப்படி அடங்கியது என்பதற்கு 20 சொற்கள் போதும். 270ம் 180ம் சேர்ந்து 450. கணக்கு முடிந்தது.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். தாடி, நெற்றிக்குறி, காதணி கூடாது, தலைப்பாகையில் தோல் இருக்கும் என்ற உத்தரவுகளின் விவரம். ‘இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று அதை வெட்டத் தோன்றும். நீங்கள் மறுக்கிற காரணம் வலுவாக நின்றால்தான் ‘அது மட்டுமில்லை’ என்பதற்குப் பொருள் இருக்கும்.

எந்தச் சொற்களை முதலில் எடுப்பது? சொற்களைச் சேர்த்து எழுதினால் எண்ணிக்கை குறையுமா?
– வாலாஜாபேட்டை வாசகர்

இரண்டாவது கேள்விக்குச் சிரித்தேன். ‘வந்து கொண்டிருந்தது’ இரண்டு சொல், ‘வந்துகொண்டிருந்தது’ ஒரு சொல். கணினி ஏமாறும், பக்கம் ஏமாறாது. அதனால் அச்சில் எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள்.

எடுக்க வேண்டியவை, நாளிதழ்களிலிருந்து நம் கைக்கு ஒட்டிக்கொண்ட வால்கள்: ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘என்றால் அது மிகையாகாது’, ‘மேற்கொள்ளப்பட்டது’. இதைப் பாருங்கள்: ‘1806ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் தேதி அதிகாலை நேரத்தில் வேலூர்க் கோட்டையினுள் இந்தியச் சிப்பாய்களால் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி மேற்கொள்ளப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.’ 18 சொற்கள். ‘1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தனர்.’ 10 சொற்கள். செய்தவர்கள் எழுவாயாக முன்னுக்கு வந்ததும் ‘மேற்கொள்ளப்பட்டது’ தானாகவே உதிர்ந்தது.

தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவைப் பற்றி எழுதினேன். சுருக்கியபின் யாரோ எழுதியது போல் இருக்கிறது.
– ஆம்பூர் வாசகர்

இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘அப்பா வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, பின்கட்டுக்குப் போய்க் கையை முகர்ந்து பார்த்து, மறுபடியும் சோப்பு போட்டுக் கழுவுவார்.’ சுருக்கியது: ‘அப்பா வீட்டுக்கு வருவார். சட்டையைக் கொடியில் போடுவார். பிறகு கையை முகர்ந்து பார்ப்பார். அவர் மறுபடியும் சோப்பு போட்டுக் கழுவுவார்.’ எண்ணிப் பார்த்தேன், பதினாறு பதினைந்தாகியிருக்கிறது. மிச்சம் ஒரே ஒரு சொல், அதற்குப் பின்கட்டும் போச்சு!

நீளமான வாக்கியம் எல்லாம் கொழுப்பு இல்லை. போட்டு, போய், பார்த்து என்று வினையெச்சங்களால் கோத்துக்கொண்டு போவது தமிழில் சிக்கனமான வழி. அதை உடைத்தால் ‘அவர்’, ‘பிறகு’ என்று புதுச் சொற்கள் வந்து உட்காரும், நடையும் தந்தி அடித்தது போலாகிவிடும். ‘கழுவிக் கழுவி’ போன்ற இரட்டிப்பும் அப்படித்தான், விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை வெட்டும் முன், வேறு யாராலும் எழுத முடியாத வரிகளைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். என் கணக்கில் உங்கள் கட்டுரையில் அப்படி ஒன்பது இருந்தன. முதல் இரண்டு சுற்றில் அவற்றைத் தொடக்கூடாது. தோல் தொழில் பற்றிய பொதுத் தகவல் பத்திகளிலிருந்து எடுங்கள். அது யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்.

வெட்டியதில் வாதம் அறுந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– காட்பாடி வாசகி

உங்களுக்குத் தெரியாது. வெட்டிய பத்தி உங்கள் தலைக்குள் இன்னும் இருக்கிறதே. பழைய வடிவத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, ‘நான் என்ன சொல்கிறேன், ஏன் சொல்கிறேன்’ என்று மட்டும் கேளுங்கள். ‘என்ன’ வந்து ‘ஏன்’ வரவில்லை என்றால் ஒரு சான்று போயிருக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால், ‘ஆனால்’, ‘அதனால்’ என்று தொடங்கும் வாக்கியங்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாக்கியத்தைப் படியுங்கள். எதை மறுக்க அந்த ‘ஆனால்’ வந்ததோ அது குப்பைக்குப் போயிருப்பதை அங்கேதான் நான் அடிக்கடி பிடித்திருக்கிறேன்.