திருமணப் போட்டோ தேர்வு கேலரி: பூட்டும் கணக்கும், கேள்வி பதில்

அண்ணா, 1,200 போட்டோ கொண்ட கேலரிக்கு பாஸ்வேர்டு போட்டுவிட்டேன். ரைட் கிளிக்கையும் நிறுத்திவிட்டேன். இது போதும்தானே?

பாஸ்வேர்டு போட்டது சரி. ஆனால் அது பக்கத்துக்கு மட்டுமா, படங்களுக்கும் சேர்த்தா என்று பார், தம்பி. ஏதாவது ஒரு படத்தின் முகவரியை நகலெடுத்து இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டு. படம் திறந்தால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். கோப்புக்கு IMG_0412.jpg என்று கேமரா வைத்த பெயரே இருந்தால், அடுத்தது 0413 என்று யாருக்கும் தெரியும்.

படங்களைப் பொதுவில் திறக்காத சேமிப்பில் வை. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தவருக்கு மட்டும், சிறிது நேரமே வேலை செய்யும் சைன்டு லிங்க்கை சர்வர் கொடுக்கட்டும். அந்த நேரத்தை எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி வைக்காதே. 10 நிமிடம் என்று வைத்தால், மணப்பெண் நிதானமாகக் கீழே நகர்த்திப் பார்க்கும்போது பாதிக்கு மேல் வெறும் கட்டங்களாகத் தெரியும். பார்வைக்கான சிறிய படங்களுக்குச் சில மணி நேரம், ஒரிஜினலுக்கு 5 நிமிடம் என்று பிரித்துக்கொள்.

ரைட் கிளிக்கைத் தடுப்பதில் பெரிய பலன் இல்லை, ஸ்கிரீன்ஷாட் எடுப்பவரை அது தடுக்காது. கேலரியில் 1,600 பிக்சல் அகலத்தில் வாட்டர்மார்க் போட்ட பிரதி மட்டும் இருக்கட்டும்.

டவுன்லோடு லிமிட் எங்கள் ஹோஸ்டிங்கிலேயே இருக்கிறதே, மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று. தனியாக எதற்கு?

அது உங்கள் சர்வர் வெளியே அனுப்பும் டேட்டாவுக்கான அளவு, சார். இங்கே பேசுவது, ஒப்பந்தப்படி வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரிஜினல் படங்களின் எண்ணிக்கை. ஹோஸ்டிங் அளவு தீர்ந்தால் எல்லாருடைய கேலரியும் சேர்ந்து நின்றுவிடும்.

50 படம்தான் என்று வைத்தேன். வாடிக்கையாளர் 38தான் வந்தது என்கிறார், என் கணக்கில் 50 முடிந்துவிட்டது. யார் சொல்வது சரி?

பெரும்பாலும் இருவருமே சரி. நானும் முதலில் கிளிக்கைத்தான் எண்ணினேன். நெட் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஒரு தம்பதி ஒரே படத்தை நான்கு முறை தட்டியிருந்தார்கள், நான்கும் கணக்கில் ஏறின. கோபமாகப் போன் செய்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது. அன்று முதல் கிளிக்கை விட்டுவிட்டு வெவ்வேறு படங்களைத்தான் எண்ணுகிறேன். ஒருமுறை கணக்கில் ஏறிய படத்தை அவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம்.

```sql
INSERT INTO downloads (gallery_id, photo_id)
VALUES (42, 412) ON CONFLICT DO NOTHING;

UPDATE galleries SET used = used + 1
WHERE id = 42 AND used < 50;
```

`downloads` அட்டவணையில் இரண்டு பத்திகளுக்கும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் இருக்க வேண்டும். இரண்டு கட்டளைகளும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் இருக்கட்டும். முதல் கட்டளை புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மட்டும் இரண்டாவதை ஓட்டுங்கள். இரண்டாவது 0 வரிசை மாறியது என்று சொன்னால் லிமிட் முடிந்தது, டிரான்சாக்ஷனையே ரோல்பேக் செய்துவிடுங்கள். `used` எவ்வளவு என்று முதலில் படித்துவிட்டு அப்புறம் கூட்டும் பழக்கம் வேண்டாம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நேரத்தில் தட்டினால் இருவருக்கும் 49 என்றே தெரியும், 51 படம் போய்விடும்.

நான் புரோகிராமர் இல்லை, போட்டோகிராபர். என் வாடிக்கையாளர் போனில் 80 படத்துக்கு ஹார்ட் போட்டார், லேப்டாப்பில் ஒன்றுமே இல்லை. ஏன்?

உங்கள் கேலரியைச் செய்தவர் ஃபேவரைட்டை பிரவுசரிலேயே சேமித்திருப்பார், அம்மா. அது அந்தப் போனோடு சரி. சஃபாரியில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிரவுசரை 7 நாள் பயன்படுத்தியும் அந்தத் தளத்தின் பக்கம் போகாவிட்டால், அங்கே சேமித்ததை அது அழித்துவிடும். சர்வரில் சேமிக்கச் சொல்லுங்கள். உள்ளே வரும்போது பாஸ்வேர்டோடு பெயரையும் கேட்கச் சொல்லுங்கள். பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அம்மா மூவரும் ஒரே பட்டியலில் ஹார்ட் போட்டால், ஒருவர் எடுத்ததை இன்னொருவர் நீக்கிவிடுவார். ஆளுக்கொரு பட்டியல் இருக்கட்டும். ஆல்பத்துக்குப் போவது ‘தேர்வு முடிந்தது’ என்று ஒருவர் அழுத்திய பட்டியல் மட்டும். அழுத்தியதும் அது பூட்டப்பட்டுவிட வேண்டும்.

அப்படியென்றால் அந்த 50ஐயும் ஆளுக்கு இத்தனை என்று பிரிக்கலாமா? சித்தப்பா ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

நான் பிரிப்பதில்லை. ஒரிஜினலுக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு பின் நம்பர் வைத்து, அதைத் தம்பதியிடம் மட்டும் கொடுக்கிறேன். அதையும் அவர்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இன்னும் நல்ல வழி இல்லை. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.