‘படம் மாதிரிக்கு மட்டுமே’: அந்த ஒரு வரி எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது?

சேலத்துக் கடைகளுக்குப் பொருள் படம் எடுத்து, கீழே வரும் விவரங்களையும் பல வருடமாக எழுதிக்கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் சில.

அக்கா, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம். எல்லா சைஸுக்கும் ஒரே படம்தான். கீழே ‘படம் மாதிரிக்கு மட்டுமே’ என்று போட்டிருக்கிறேன். அப்படியும் முத்து குறைகிறது என்று ஒரு அம்மா சண்டை போடுகிறார்.

அவர் சண்டை போட்டது நியாயம்தான் தம்பி. நீங்கள் அனுப்பிய விவரப்படி படத்தில் இருப்பது 10.5 அங்குலக் கொலுசு, ஒரு காலுக்கு 21 முத்து, ஜோடி 84 கிராம். அவர் கேட்டதோ 9 அங்குலம். அங்குலத்துக்கு இரண்டு முத்து என்றால் அவருக்கு 18தான் வரும், எடையும் 72 கிராம் பக்கம் இறங்கும். இது உங்களுக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்த வித்தியாசத்தை அந்த வரிக்குப் பின்னால் மறைத்ததுதான் தப்பு.

இப்படி எழுதிப் பாருங்கள்:

“படத்தில் உள்ளது 10.5 அங்குல ஜோடி: காலுக்கு 21 முத்து, 84 கிராம். 9 அங்குலத்தில் 18 முத்து, சுமார் 72 கிராம். கைவேலை என்பதால் ஜோடிக்கு 2 கிராம் வரை கூடக்குறைய இருக்கும். உங்களுக்கு வரும் ஜோடியின் எடைக்கே விலை.”

அந்த 2 கிராமைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கடைசியாக அனுப்பிய பத்து ஜோடியின் எடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் 5 கிராம் என்றால் 5 என்றே எழுதுங்கள். அப்புறம், கிட்டே வைத்து எடுத்த படத்தில் 6 மில்லிமீட்டர் பட்டை இரண்டு விரல் அகலமாகத் தெரியும். அகலத்தையும் எழுதிவிடுங்கள். காலில் போட்ட படம் ஒன்று சேர்த்தால் இன்னும் நல்லது.

எல்லாரும்தான் ‘நிறம் சற்று மாறலாம்’ என்று போடுகிறார்கள். அது இருந்தால் சட்டப்படி ஒன்றும் பண்ண முடியாது மேடம், பட்டுப்புடவைக்கு நான் அதைத்தான் போடுகிறேன்.

பாதி சரி சார். போன் திரைக்குத் திரை அரக்கு சிவப்பாகத் தெரியும், அதற்கு அந்த வரி நேர்மையானது. ஆனால் நீங்கள் அனுப்பிய விவரப்படி படம் எடுத்தது சுத்த ஜரிகைப் புடவையை, அனுப்புவது டெஸ்டட் ஜரிகையை. அது நிற வித்தியாசம் இல்லை, வேறு சரக்கு. படத்தை மாற்றுங்கள்.

2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலில், இப்படிப்பட்ட குறிப்பு விளம்பரத்தின் முக்கியமான பேச்சுக்கு முரணாக இருக்கக் கூடாது, தவறான பேச்சைச் சரிக்கட்டவும் பயன்படக் கூடாது என்று இருக்கிறது. விளம்பரம் எந்த மொழியோ குறிப்பும் அதே மொழியில், அதே எழுத்துருவில் வேண்டும். தமிழில் விளம்பரம் போட்டுவிட்டு அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ் குறிப்பு வைப்பவர்கள் இதைக் கவனிக்கணும். ஆன்லைன் விற்பனைக்கு 2020 விதிகளும் உண்டு: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது.

எனக்கும் இதேதான்! மாம்பழப் பெட்டிப் படத்தில் 12 பழம், வந்தது 9. எங்கே புகார் பண்ணுவது?

இங்கே விற்பவர்கள் எப்படி எழுதுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம் அம்மா, இருந்தாலும் சொல்கிறேன். விற்றது எண்ணிக்கைக்கா, எடைக்கா என்று முதலில் பாருங்கள். 3 கிலோ என்று போட்டு 3 கிலோ வந்திருந்தால், பெரிய பழத்தில் 9 வருவது இயல்பு. படத்தின் பக்கத்திலேயே ‘பழ அளவுப்படி 8 முதல் 12 வரை’ என்று எழுதாதது மட்டுமே விற்றவர் குறை. எடையே குறைந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.

ஏற்காட்டில் தங்கும் அறை விடுகிறேன். மொட்டை மாடியிலிருந்து எடுத்த இரவுப் படம், சேலம் விளக்கெல்லாம் தெரியும். ‘மூடுபனியில் காட்சி மாறலாம்’ என்று எழுதினால் போதுமா?

பனிக்கு அது போதும். ஆனால் கீழ் அறை இரண்டிலும் ஜன்னலைத் திறந்தால் மதில் சுவர்தான் என்கிறீர்களே, அதற்குப் பனி என்ன பண்ணும்? படத்தின் மேலேயே “மொட்டை மாடியிலிருந்து எடுத்தது, கீழ் அறைகளிலிருந்து தோட்டமும் சுவரும் தெரியும்” என்று எழுதுங்கள். அந்த ஜன்னலையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

அக்கா, கொலுசுக்காரன்தான். கொலுசில் வைக்கும் கல்லின் நிறம் கையிருப்பைப் பொறுத்து மாறுது. ஒவ்வொரு தடவையும் படம் எடுக்கணுமா?

இதில் எனக்கே இரண்டு மனசு. அனுப்பும் முன் அந்த ஜோடியைப் போனில் எடுத்து அனுப்பி, சரி என்ற பிறகு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தினம் ஐம்பது பார்சல் போகிற கடைக்கு அது ஓடாது. கையில் இருக்கும் நிறங்களை வரிசையாக எழுதி, ‘எது வரும் என்று உறுதி இல்லை’ என்று விலைக்குப் பக்கத்தில் போட்டால் ஓரளவு நியாயம். ரோஸ் கேட்டவருக்குப் பச்சை போனால் திருப்பி எடுப்பீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு பண்ணணும்.